1.38 — டன்னா, கிலோநியூட்டனா?



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று ஆசிரியர் குழு கேட்டதும் ஒரு கவிதை எழுதிவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். மெக்கானிக்கல் பிரிவிலிருந்து மட்டும் ஏற்கெனவே பதினேழு காதல் கவிதைகள் வந்து குவிந்திருப்பதாகக் கேள்வி. எனவே நான் ஒரு பீமைப் பற்றி எழுதுகிறேன். சிவில்காரனுக்கு அதுவும் கவிதைதான், பரவாயில்லை!

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு கதைக்கு வருகிறேன். நாம் மூன்று வருஷம் படித்துவிட்டு சைட்டுக்குப் போனதும் நம்மிடம் கொடுக்கப்படும் வேலை 'செக்' பண்ணுவது. டிராயிங்கில் நாலு கம்பி என்றால் நாலு கம்பி இருக்கிறதா, ரிங் இடைவெளி சரியா, கவர் பிளாக் வைத்தாயிற்றா, லேப் எங்கே வருகிறது. அதாவது டிராயிங்கை வைத்து சைட்டைச் சரிபார்க்கிறோம். அந்த டிராயிங்கையே யார் சரிபார்ப்பது? "அது டிசைனர் வேலை, உனக்கு எதுக்கு?" என்பார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. பீமின் டிசைனைத் திருத்த டிப்ளமோ முடித்த ஜூனியர் இன்ஜினியருக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த பீம் மேல் உட்காரப்போகும் பாரம் எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் கூட்டிப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்த ஒரு கூட்டலை மட்டும் காங்கிரீட் போடுவதற்கு முன்னால் அவன் செய்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. ஏன் 'முன்னால்' என்று அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

இனி கதை. போன விடுமுறையில் இரண்டு வாரம் இன்-பிளான்ட் டிரெயினிங்குக்காகக் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பக்கம் நடந்த ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலைக்குப் போயிருந்தேன். பள்ளியின் பெயர், கான்ட்ராக்டர் பெயர், டிசைன் கொடுத்தவர் பெயர் எதுவும் இங்கே வேண்டாம். அங்கே ஜூனியர் இன்ஜினியராக இருந்தவர் நம் சிவில் பிரிவிலேயே எனக்கு மூன்று வருஷம் சீனியர். அவரை இந்தக் கட்டுரையில் 'சீனியர்' என்றே அழைக்கிறேன். பேப்பரில் பேர் வந்தால் அவருக்கு வெட்கம்.

தரைத்தளத்தில் தூண்கள் நிறுத்தியாகிவிட்டது. அதன்மேல் முதல் தளத்து ஸ்லாபும் பீம்களும். அறை 7.2 மீட்டருக்கு 5 மீட்டர். 5 மீட்டர் ஸ்பானில், 2.4 மீட்டருக்கு ஒன்றாக, வரிசையாக பீம்கள். எல்லாமே 230 மி.மீ. அகலம், 450 மி.மீ. ஆழம். நடுவில் வரும் பீம் இரண்டு பக்கமும் ஸ்லாபைத் தாங்குகிறது. கடைசி பீம் ஒரு பக்கம்தான் ஸ்லாபைத் தாங்குகிறது. ஆனால் அதன் தலைமேல் மாடியின் வெளிச்சுவர் வருகிறது: 9 அங்குலச் செங்கல் சுவர், 3 மீட்டர் உயரம், ஜன்னல் கிடையாது.

காலையில் தளம் போட வேண்டும். மிக்ஸர் மெஷின் வந்து நிற்கிறது, சித்தாள் பெரியாள் எல்லாம் சொல்லியாயிற்று. முதல்நாள் சாயங்காலம் சீனியர் கையில் டிராயிங்கோடு சென்டரிங் பலகை மேல் ஏறினார். பின்னாலேயே நானும். கம்பி வேலை பளிச்சென்று இருந்தது. நடு பீமில் அடியில் நாலு 16 எம்.எம். கம்பி, டிராயிங்கிலும் அதேதான். கடைசி பீமில் நாலு 12 எம்.எம்., டிராயிங்கிலும் அதேதான். டிக் போட்டுவிட்டு இறங்க வேண்டியதுதான் பாக்கி. சீனியர் இறங்கவில்லை. கடைசி பீம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்ப்பா, இதும்மேல தானே சுவர் வருது?"

"ஆமாண்ணே."

"சுவர் தாங்கறவனுக்கு 12 கம்பி. சும்மா ஸ்லாப் தாங்கறவனுக்கு 16 கம்பி. எங்கயோ இடிக்குதே."

கம்பி கட்டும் மேஸ்திரிக்கு வேலையைக் குறை சொல்கிறாரோ என்று சந்தேகம். "சார், பிளான்ல உள்ளபடிதான் கட்டியிருக்கேன். நாலு நூல் கம்பின்னு போட்டிருக்கு, நாலு நூல் கம்பிதான் போட்டிருக்கேன்" என்றார். பாருங்கள், அவர் மனசில் மில்லிமீட்டரே இல்லை. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம், நாலு நூல் அரை அங்குலம், அதுதான் அவருக்கு 12 எம்.எம். கம்பி. மணல் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் நூறு கன அடி. கம்பி டன் கணக்கு. டிசைன் கிலோநியூட்டன் கணக்கு. ஒரே கட்டடத்துக்குள் எத்தனை பாஷை! ஒருவன் இன்னொருவனோடு பேசும்போது மொழிபெயர்ப்பு தவறினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

சீனியருக்கு உடனே பதிலும் தோன்றியது. கடைசி பீமுக்கு ஸ்லாப் பாதிதானே, அதனால் கம்பி குறைந்திருக்கலாம். நியாயமான பதில்தான், அந்த இடத்தில் பலபேர் திருப்தியாகி இறங்கியிருப்பார்கள். ஸ்பானைப் பன்னிரண்டால் வகுத்தால் பீம் ஆழம் என்று நமக்கு ஒரு கைக்கணக்கு சொல்லித் தந்திருக்கிறார்களே, அதையும் நான் போட்டுப் பார்த்தேன். 5000-ஐ 12-ஆல் வகுத்தால் 417. பீம் 450. பாஸ்! அந்தக் கைக்கணக்கு பாரத்தைப் பற்றி எதுவுமே கேட்பதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது 417 என்றுதான் சொல்லும்.

சீனியர் செய்தது வேறு. காலி சிமென்ட் மூட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். ஃபார்முலா எதுவும் இல்லை. சுவர் எத்தனை கல் பிடிக்கும்? நீளம் 5, உயரம் 3, கனம் 0.23. பெருக்கினால் 3.45 கன மீட்டர். கன மீட்டருக்குச் சுமார் 500 கல் என்றால் 1,700 கல்லுக்கு மேல். கல் ஒன்று 3 கிலோ வைத்தாலே 5 டன், சாந்தையும் பூச்சையும் சேர்த்தால் 7 டன்னை நெருங்கும். கலவை, கல் எல்லாம் சேர்ந்த சுவருக்குக் கன மீட்டருக்கு 2 டன் என்று நாம் எடுப்போமே, அந்த வழியில் வந்தாலும் 6.9 டன். இரண்டு வழியும் ஒரே ஊருக்குத்தான் வந்து சேர்கின்றன.

பிறகு அவருடைய போனில் டிசைனர் அனுப்பியிருந்த கணக்குத் தாளைத் திறந்தார். கம்ப்யூட்டரில் போட்ட அட்டவணை, அழகாக இருந்தது. கடைசி பீமுக்கு எதிரே மூன்று எண்கள்: பீமின் சொந்த எடை 2.59, ஸ்லாப் 8.40, சுவர் 1.38. கூட்டுத்தொகை 12.37. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகு இல்லை. தலைப்பில் மட்டும் ஒரே ஒரு இடத்தில் `kN/m` என்று இருந்தது.

அதை நம்பினால் சுவர் மீட்டருக்கு 1.38 கிலோநியூட்டன். 5 மீட்டருக்கு 6.9 கிலோநியூட்டன். அதாவது சுமார் 700 கிலோ. 700 கிலோவில் எத்தனை கல் வரும்? 230 கல். அந்த 230 கல்லை வைத்து 5 மீட்டர் நீளத்துக்கு நாலு வரிசை கட்டலாம். அவ்வளவுதான், முழங்கால் உயரம்கூட வராது. மாடி வெளிச்சுவர் முழங்கால் உயரமா?

"1.38 தப்பான நம்பர் இல்லப்பா. நம்பர் ரொம்ப சரி. அது டன்" என்றார் சீனியர்.

ஆமாம் தோழர்களே, 0.23-ஐ 3-ஆல் பெருக்கி, அதை 2 டன்னால் பெருக்கினால் சுத்தமாக 1.38. மீட்டருக்கு 1.38 டன். பழைய கணக்கு ஒன்றிலிருந்து எடுத்த எண் அது என்று பின்னால் தெரிந்தது. டன் தாளிலிருந்து கிலோநியூட்டன் தாளுக்கு மாறும்போது எண் மட்டும் வண்டி ஏறிவிட்டது, அலகு பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டது. அங்கே இருக்க வேண்டியது 13.8. அதைப் போட்டால் மொத்தம் 24.79. தாளில் இருந்ததைப்போல் சரியாக இரண்டு மடங்கு!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த மாதிரித் தவறு ஏன் கண்ணுக்குப் படுவதில்லை? 1380 கிலோ, 1.38 டன், 13.8 கிலோநியூட்டன். மூன்றிலும் இருப்பது ஒன்று, மூன்று, எட்டு. புவியீர்ப்பை 9.81 என்று எடுக்காமல் 10 என்று எடுப்பது நம் வழக்கம். அதனால் புள்ளி மட்டும்தான் நகர்கிறது, இலக்கங்கள் அப்படியே இருக்கின்றன. அடியை மீட்டராக்கினால் இலக்கமே மாறிவிடும், 10 அடி 3.05 மீட்டர் ஆகும், கண் உறுத்தும். இங்கே கண் 138-ஐப் பார்த்து, "ஆங், நம்ம ஆளு" என்று விட்டுவிடுகிறது.

நம் நாட்டில் இது இன்னும் ஒரு படி சிக்கல். காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதித்தொகுப்பின் 1964 பதிப்பு சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ என்ற கணக்கில் இருந்தது. அன்றைக்கு எம் 150 என்று சொன்ன காங்கிரீட்டுக்கு 1978 பதிப்பு வந்தபோது பெயர் எம் 15 ஆனது. சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் என்று அலகு மாறியதால் எண் பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. அதே மாற்றத்தில் டன் பாரத்தைக் கிலோநியூட்டனாக்கினால் எண் பத்து மடங்கு பெருகுகிறது. ஒன்று கீழே போகிறது, இன்னொன்று மேலே போகிறது! 'ஒரு புள்ளி தள்ளினால் போதும்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாது. பதிப்பு மாறி இத்தனை வருஷம் ஆகியும் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரியும் டன், கடையில் வாங்கும் கம்பியும் டன். நம் ஆட்கள் வாயில் டன் இருக்கும், தாளில் கிலோநியூட்டன் இருக்கும். இது இன்னும் ரொம்ப நாள் இப்படித்தான் இருக்கும்.

சரி, அந்தத் தாளை இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்திருந்தார், கையெழுத்தும் இருந்தது. 12.37-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 18.55. wL²/8 போட்டால் 58 கிலோநியூட்டன் மீட்டர். அதற்குத் தேவையான கம்பி சுமார் 433 சதுர மி.மீ. நாலு 12 எம்.எம். போட்டால் 452. எல்லாப் பெருக்கலும் சரி. அதே வழியில் எத்தனை தடவை நடந்தாலும் அதே இடத்துக்குத்தானே போய்ச் சேர முடியும்?

இதற்கு உலகமறிந்த ஒரு சாட்சி உண்டு. 1983 ஜூலை 23-ஆம் தேதி ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குக் கிளம்பியது. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. குச்சி விட்டு லிட்டரில் அளந்து, எடையாக மாற்ற 1.77-ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது லிட்டருக்கு இத்தனை பவுண்டு. அந்த விமானத்துக்கு வேண்டியதோ கிலோ, அதற்கு 0.8 போட்டிருக்க வேண்டும். ஒட்டாவாவில் இறங்கியபோது மறுபடி அளந்தார்கள், மறுபடி அதே 1.77-ஆல் பெருக்கினார்கள், மறுபடி 'சரி' என்று வந்தது! தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு பறந்து, நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் கிளைடர் மாதிரி இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை, விமானியின் கைத்திறமை. அங்கேயும் பெருக்கல் தப்பு இல்லை. 1.77-க்குப் பின்னால் என்ன அலகு என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கருணாபுரத்துக்குத் திரும்புவோம். சீனியர் அடுத்து செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. போனை எடுத்து "உங்க கணக்கு தப்பு சார்" என்று ஆரம்பிக்கவில்லை. முதலில் தனக்குத்தானே எதிர்வாதம் செய்துகொண்டார். ஒருவேளை டிசைனர் செங்கல்லை எடுக்காமல் இலேசான ஏ.ஏ.சி. பிளாக்கை எடுத்திருந்தால்? அதற்குக் கன மீட்டருக்கு 7 கிலோநியூட்டன் வைத்தால் மீட்டருக்கு 4.8 வரும். நாலரை அங்குலச் சுவர் என்று நினைத்திருந்தால் 6.9 வரும். கைப்பிடிச் சுவர் மட்டும் என்று நினைத்து 1 மீட்டர் உயரம் எடுத்திருந்தால் 4.6. எப்படிப் போட்டாலும் 1.38 வரவில்லை. சுவர் வளைவு மாதிரி நின்று தன் பாரத்தைத் தானே பக்கத்துக்குத் தள்ளிக்கொள்ளுமே, அதற்காகக் குறைத்திருப்பாரோ என்று நான் ஒரு மேதாவிக் கேள்வி கேட்டேன். லிண்டலுக்கு 60 டிகிரி முக்கோணம் போடுவோமே, அதை நினைத்துக்கொண்டு. "5 மீட்டர் ஸ்பானுக்கு முக்கோணத்தோட உச்சி 4.3 மீட்டர் வரும். சுவரே 3 மீட்டர்தான். அப்புறம் முழுச் சுவரையும்தான் எடுக்கணும். இன்னொன்னு, ஈரக் கலவை வளைவா நிக்குமா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் போன் போட்டார்.

"சார், கடைசி பீமுக்கு சுவர் பாரம் 1.38-ன்னு இருக்கு. எந்தச் சுவர் எடுத்திருக்கீங்கன்னு தெரிஞ்சா நல்லாருக்கும். எங்க கையில 9 இன்ச் செங்கல், 3 மீட்டர். நான் கூட்டினா மீட்டருக்கு 1.38 டன் வருது சார்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, நாளைக்குக் காங்கிரீட்டா? நிறுத்துங்க. நான் ராத்திரியே பாத்து அனுப்பறேன்" என்றார். நல்ல மனிதர், பந்தா பண்ணவில்லை. எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அதனால்தான் சீனியர் போனில் சொன்னதோடு விடாமல், சைட் ஆர்டர் புத்தகத்திலும் தேதி, நேரம் போட்டு இரண்டு வரி எழுதினார்: கடைசி பீமின் சுவர் பாரத்துக்கு அலகு தெளிவாகும்வரை காங்கிரீட் நிறுத்தப்படுகிறது. 'தவறு' என்ற வார்த்தையே அதில் கிடையாது.

கான்ட்ராக்டருக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? "மெஷின் வாடகை யாரு குடுப்பா? நாப்பது பேருக்குச் சொல்லி வச்சிருக்கேன். 12 கம்பி தாங்காதா தம்பி? எத்தனை கட்டடம் போட்டிருக்கோம்! நாளைக்குப் போட்டுட்டு முட்டு பிரிக்கும்போது பாப்போம். தொங்குச்சுன்னா அப்ப சொல்லுங்க" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். இதுதான் ஆபத்தான வாக்கியம். முட்டு பிரிப்பதை நாம் எல்லோரும் ஒரு பரீட்சை மாதிரி நினைக்கிறோம். 6 மீட்டர் வரை ஸ்பான் உள்ள பீமுக்கு அடிமுட்டை 14 நாள் கழித்துப் பிரிக்கலாம் என்கிறது ஐ.எஸ். 456. அந்த 14-ஆவது நாளில் பீம் மேல் சுவர் இருக்கிறதா? இல்லை. தரைப்பூச்சு? இல்லை. பிள்ளைகள்? இல்லை. பீமின் சொந்த எடையும் வெறும் ஸ்லாபும்தான். தரைப்பூச்சைச் சேர்த்துக் கூட்டினால்கூட நடுவில் வரும் மொமென்ட் 23 கிலோநியூட்டன் மீட்டர்தான். நாலு 12 கம்பி போட்ட அந்த பீமில், பாதுகாப்புக் குணகம் எதையும் கழிக்காமல், கம்பி இழுபட்டு யீல்டு ஆகும் மொமென்ட் சுமார் 71. மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. பீம் கம்பீரமாக நிற்கும். கான்ட்ராக்டர், "பாத்தீங்களா தம்பி!" என்று மீசையை முறுக்குவார்.

அதற்கப்புறம் மாடியில் சுவர் ஏறும். மொமென்ட் 66 ஆகும். யீல்டுக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. பீமின் அடியில் நடுப்பகுதியில் நெட்டுக்குத்தாக விரிசல் விடும், மேலே சுவரில் படிக்கட்டு மாதிரி கீறல் ஓடும். அதைப் பூச்சு விரிசல் என்று சொல்லிப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பிறகு பள்ளி திறந்து, வகுப்பறைக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் என்று நாம் எடுக்கும் உயிர்ப்பாரம் முழுதாக வந்தால் 77.5. கம்பியின் எல்லை 71. பாக்கியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். முழுப் பாரம் தினமும் வராது, நிஜக் கம்பி 415-ஐவிடக் கொஞ்சம் கூடவே தாங்கும், அதனால் அன்றைக்கே விழுந்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு என்று பரீட்சையில் எழுதுகிறோமே, அது முழுக்கத் தின்னப்பட்டுவிட்டது. பிள்ளைகள் அதன் கீழேயும் மேலேயும் உட்கார்ந்திருப்பார்கள். முட்டு பிரித்த நாளில் இதில் எதுவுமே தெரியாது. அதனால்தான் 'முன்னால்' என்றேன்.

ராத்திரி பத்து மணிக்குத் திருத்திய கணக்கு வந்தது. அதில் ஒரு விஷயம் எங்களுக்குப் புதுசு. நாங்கள் நினைத்தது, 12-க்குப் பதில் 16 கம்பி போட்டால் முடிந்தது என்று. முடியவில்லை. சரியான பாரத்துக்கு மொமென்ட் 116. 230-க்கு 450 பீமில் கம்பி மட்டும் அடியில் கூட்டிக்கொண்டே போனால் எம் 20 காங்கிரீட்டில் எட்டக்கூடிய உச்சம் 0.138 fck b d², மேல்விளிம்பிலிருந்து கம்பி வரை 410 மி.மீ. என்று எடுத்தால் 107-க்குள்தான் வருகிறது. அதாவது பீமின் உடம்பே போதாது! அடியில் எத்தனை கம்பி திணித்தாலும் மேலே காங்கிரீட் நசுங்கும். ஒன்று மேலேயும் அழுத்தக் கம்பி போட வேண்டும், அல்லது பீமை ஆழமாக்க வேண்டும்.

டிசைனர் ஆழத்தை 550 ஆக்கினார். அதையும் கீழே இறக்கச் சொல்லவில்லை. கீழே இறக்கினால் சென்டரிங் பலகை முழுவதையும் பிரித்து மறுபடி அடிக்க வேண்டும். மேலே எப்படியும் 230 மி.மீ. சுவர்தானே வருகிறது, 100 மி.மீ. பீமை ஸ்லாபுக்கு மேலே தூக்கிவிட்டால் அது சுவருக்குள் மறைந்துவிடும். ஒரு வரிசைக் கல் மிச்சம்! ஒரே நிபந்தனை, அந்த 100 மி.மீ. துண்டையும் ஸ்லாபோடு சேர்த்து ஒரே மூச்சில் போட வேண்டும். மறுநாள் தனியாகப் போட்டால் அது பீம் ஆகாது, பீம் மேல் வைத்த திண்டு. ரிங்குகளையும் 550 ஆழத்துக்குப் புதிதாக வளைத்துக் கட்ட வேண்டும். பழைய ரிங்கை வைத்துக்கொண்டு மேலே காங்கிரீட்டை மட்டும் உயர்த்தினால் பிரயோஜனமில்லை. ரிங் இடைவெளி 8 எம்.எம். கம்பியில் 200 மி.மீ. போதும் என்று வந்தது. அடியில் வேண்டிய கம்பி 743 சதுர மி.மீ., நாலு 16 எம்.எம். போட்டால் 804.

சீனியரின் வழிமுறையைப் புகழ்ந்துகொண்டே போகிறேன், அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சிமென்ட் மூட்டைக் கணக்கு பத்து மடங்குத் தவறைப் பிடிக்கும், இரண்டு மடங்கையும் பிடிக்கும். இருபது சதவீதத் தவறைப் பிடிக்காது. செங்கல் எடையை 19 என்று எடுப்பதா 20 என்று எடுப்பதா என்ற சண்டையில் அது வாயே திறக்காது. தொடர்ச்சியான பீம்களில் எட்டுக்குப் பதில் பத்து, பன்னிரண்டு என்று வகுப்பார்கள், அங்கே நம் கைக்கணக்கு வீண் பீதியைக் கிளப்பும். அதனால் மொமென்ட்டைப் பற்றி டிசைனரோடு மல்லுக்கு நிற்காமல் பாரத்தை மட்டும் கேட்பது உத்தமம். எத்தனை கல், எத்தனை கிலோ. அது நம் ராஜ்ஜியம். அங்கே நம்மை யாரும் ஏய்க்க முடியாது.

நம் பாடத்திட்டத்தின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பரீட்சையில் அலகு எழுதாவிட்டால் அரை மார்க் குறைப்பார்கள். அந்த அரை மார்க்கை நாமும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி விடைக்குப் பக்கத்தில் மட்டும் அலகை ஒட்டவைத்துவிட்டுத் தப்பித்துவிடுகிறோம். நடுவில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு எழுதச் சொல்லி, எழுதாத வரிக்கு மார்க்கே கிடையாது என்று யாராவது சட்டம் போட்டால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். (என் ஜூனியர்கள் என்னை அடிக்க வரலாம்.)

கருணாபுரத்தில் தளம் ஒரு நாள் தள்ளிப் போட்டார்கள். மேஸ்திரி காலை ஆறு மணிக்கே நாலு பேரோடு வந்து கடைசி பீமின் கம்பியைப் பிரித்தார். முணுமுணுத்துக்கொண்டேதான் பிரித்தார், ஆனால் சுவர் முழுக்க அதன்மேல்தான் வருகிறது என்று சீனியர் சொன்னதும், "அப்ப அஞ்சு நூல் கம்பி போட வேண்டியதுதானே சார், இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டார். மாலைக்குள் ரிங் வளைத்துக் கட்டி முடித்துவிட்டார்கள்.

கூடுதல் செலவு என்ன என்று நானே கணக்குப் போட்டேன். ஐந்தரை மீட்டர் வீதம் நாலு கம்பி, விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 16-க்கு 1.58 கிலோ, 12-க்கு 0.89 கிலோ. வித்தியாசம் மொத்தம் 15 கிலோ கம்பி. காங்கிரீட் 0.115 கன மீட்டர், மேஸ்திரி பாஷையில் நாலு கன அடி. அப்புறம் ஒரு நாள் மெஷின் வாடகை. அந்த வாடகையை யார் தலையில் கட்டுவது என்று கான்ட்ராக்டரும் டிசைனரும் நான் டிரெயினிங் முடித்துக் கிளம்புகிறவரை போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திருத்திய தாளில் சுவர் பாரத்துக்கான கட்டத்தில் இப்போது வெறும் எண் இல்லை. 13.8 கிலோநியூட்டன்/மீட்டர், 230 மி.மீ. செங்கல், உயரம் 3 மீட்டர் என்று முழு வரியே எழுதியிருந்தது.